மருந்துப் பெட்டியின் படத்தைத் தமிழாக்கும்போது கியூஆர் கோடு, பார்கோடு, பேட்ச் எண்ணை என்ன செய்வது?

மருந்துப் பெட்டியின் ஒளிப்படத்தைக் கொடுத்து, "இதிலுள்ள ஆங்கிலத்தை எடுத்துவிட்டுத் தமிழில் போட்டுத் தாருங்கள்" என்று கேட்பார்கள். நோயாளிகளுக்கான கையேட்டுக்கோ மருந்துக் கடையின் விளக்கப் பலகைக்கோ அது தேவைப்படும். மருந்தின் பெயர், சேமிக்கும் முறை, எச்சரிக்கை வாசகம் எல்லாவற்றையும் தமிழாக்கலாம். ஆனால் அதே படத்தில் ஒரு பார்கோடு, ஒரு கியூஆர் கோடு, ஒரு பேட்ச் எண், சில சமயம் ஒரு சீரியல் நம்பரும் இருக்கும். இவற்றில் ஒரு புள்ளிகூட மாறாமல், சுற்றியிருக்கும் எழுத்தை மட்டும் மாற்றுவதே இந்த வேலை. புதிதாக இதற்கு வருபவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள், ஏன் தடுமாறுகிறார்கள் என்பதை ஒரே ஒரு பெட்டியை வைத்துப் பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு 500 மில்லிகிராம் பாரசிட்டமால் மாத்திரைப் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். படத்தின் அகலம் 3000 பிக்சல். பின்புறத்தில் 8901234567890 என்ற எண்ணுடன் ஒரு பார்கோடு. ஓரத்தில் ஒரு கியூஆர் கோடு. அதன் பக்கத்தில் இங்க்ஜெட் இயந்திரம் புள்ளி புள்ளியாக அடித்த மூன்று வரிகள்:

```
B.No. PCT2418B
MFD 04/2024
EXP 03/2027
```

இந்த எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை. எந்த நிறுவனத்தின் பெட்டியையும் குறிப்பவை அல்ல.

முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

படத்தைத் திறந்தவுடன் அழிப்பானை எடுக்காதீர்கள். படத்திலுள்ள எழுத்துகளை ஒரு தாளில் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

மனிதர் படித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டது முதல் வகை. "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" போன்றவை இதில் வரும். இதைத் தமிழாக்க வேண்டும். ஒரு மதிப்பு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் தலைப்புகள் இரண்டாம் வகை: பேட்ச் எண், தயாரிப்பு, காலாவதி, விலை. இவற்றையும் தமிழாக்கலாம். அந்தத் தலைப்புக்கு எதிரே நிற்கும் மதிப்பு மூன்றாம் வகை. PCT2418B, 04/2024, 03/2027, பார்கோடு, அதன் அடியிலுள்ள எண், கியூஆர் கோடு எல்லாம் இதில் அடங்கும். இதைத் தொடக்கூடாது.

தவறு பெரும்பாலும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான் நடக்கிறது. இரண்டும் ஒரே வரியில், ஒரே எழுத்தளவில் இருப்பதால் முழு வரியையும் மாற்றிவிடுகிறார்கள். "பி.எண் பிசிடி2418பி" என்று எழுதப்பட்ட படங்களைப் பார்க்கலாம். அந்த வரியை வைத்துக்கொண்டு கடைக்காரர் கணினியில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. சரியான வடிவம் இதுதான்:

```
பேட்ச் எண்: PCT2418B
தயாரிப்பு: 04/2024
காலாவதி: 03/2027
```

தேதியும் மதிப்புதான். 03/2027 என்பதை "மார்ச் 2027" என்று விரித்தால் பொருள் மாறாது. ஆனால் கையில் பெட்டியை வைத்துக்கொண்டு படத்தோடு ஒப்பிடுபவருக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். விளக்கம் தேவையென்றால் படத்துக்கு வெளியே, படக்குறிப்பில் எழுதுங்கள். தமிழ் எண்களும் (௧, ௨, ௩) இந்த வரிகளில் கூடாது.

பேட்ச் எண்ணுக்குத்தான் பாதுகாப்பு குறைவு

பார்கோடும் கியூஆர் கோடும் மிக நுட்பமானவை, பேட்ச் எண் வெறும் எழுத்துதானே என்று தோன்றும். உண்மை நேர் எதிர்.

பார்கோட்டின் 13 இலக்கங்களில் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முதல் 12 இலக்கங்களில் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டுங்கள்: 8+0+2+4+6+8 = 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்குங்கள்: 9+1+3+5+7+9 = 34, பெருக்கினால் 102. மொத்தம் 130. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் எவ்வளவு வேண்டுமோ அதுவே சோதனை இலக்கம். இங்கே 0. நம் எண்ணும் 0-வில்தான் முடிகிறது. யாராவது 11-ஆவது இடத்திலுள்ள 8-ஐ 3 என்று தவறாக எழுதினால் மொத்தம் 125 ஆகிவிடும். சோதனை இலக்கம் 5 ஆக இருக்க வேண்டும். பொருந்தாததால் பிழை பிடிபட்டுவிடும். ஒரே ஒரு இலக்கம் மாறினால் இந்த முறை எப்போதும் கண்டுபிடிக்கும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், அவற்றின் வித்தியாசம் சரியாக 5 ஆக இல்லாதவரை, கண்டுபிடித்துவிடும்.

கியூஆர் கோட்டில் பிழையைக் கண்டுபிடிப்பதோடு திருத்தவும் வசதி உண்டு. ஆனால் இயந்திரம் தாளில் அடித்த PCT2418B என்ற எழுத்துத்தொடரில் அப்படி எதுவும் கிடையாது. 8-ஐ B என்று யாராவது எழுதினால் அதைத் தவறு என்று சொல்ல அந்த எண்ணுக்குள் ஒன்றுமே இல்லை. பார்ப்பவர் அப்படியே நம்பிவிடுவார்.

இதன் விளைவு சிறியதல்ல. இந்தியாவில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, தரம் குறைந்தவை என்று சோதனையில் தெரியவந்த மருந்துகளின் பட்டியலை மாதந்தோறும் வெளியிடுகிறது. அதில் மருந்தின் பெயரோடு பேட்ச் எண்ணும் இருக்கும். அதே மருந்தின் ஒரு பேட்ச் திரும்பப் பெறப்படலாம், அடுத்த பேட்ச் நல்லதாக இருக்கலாம். உங்கள் படத்தை வைத்து ஒருவர் தன் பெட்டியை ஒப்பிட்டால், அவர் பார்ப்பது அந்த எட்டு எழுத்துகளைத்தான்.

அதனால் எங்கள் பரிந்துரை: படத்துக்குள் மதிப்பை மறுபடி தட்டச்சு செய்யவே வேண்டாம். `B.No.` என்ற சிறு பகுதியை மட்டும் அழித்து அங்கே தமிழ்த் தலைப்பை வையுங்கள். PCT2418B இருக்கும் பிக்சல்கள் அப்படியே கிடக்கட்டும். புள்ளி புள்ளியான அந்த எழுத்தும் உங்கள் வழவழப்பான தமிழ் எழுத்தும் வேறு வேறாகத் தெரிவது குறையல்ல. எது பெட்டியில் உண்மையில் அடிக்கப்பட்டது, எது பிறகு சேர்க்கப்பட்டது என்று பார்ப்பவருக்கு அதனாலேயே விளங்கும்.

இடம் போதாத பெட்டிகளும் உண்டு. `EXP` மூன்று எழுத்து. "காலாவதி" அந்த இடத்தில் அடங்காது. எழுத்தைச் சுருக்கிச் சுருக்கிப் படிக்க முடியாத அளவுக்குக் கொண்டுபோவதைவிட, அந்த மூன்று வரிகளையும் முழுதாக விட்டுவிட்டு, படத்துக்கு வெளியே அம்புக்குறி இழுத்து 1, 2, 3 என்று எண்ணிட்டுத் தமிழில் விளக்குவது மேல். கையேட்டுப் படங்களுக்கு இந்த முறைதான் எங்களுக்குப் பிடித்தது. வாசகர் தன் பெட்டியில் பார்க்கப்போவது ஆங்கிலச் சுருக்கத்தைத்தான், அது எதைக் குறிக்கிறது என்பதையும் கற்றுக்கொள்கிறார்.

படக்குறிப்பில் மட்டும் எண்ணை எழுத வேண்டியிருக்கும். அங்கே விசைப்பலகையைத் தமிழ் ஒலிபெயர்ப்பு முறையில் வைத்துக்கொண்டு PCT என்று அடித்தால் அது "ப்க்ட்" போல ஏதாவது ஆகும். ஆங்கிலத்துக்கு மாற்றி அடியுங்கள். 0-வும் O-வும் தெளிவாக வேறுபடும் எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். எண் இரண்டு வரியாக உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கியூஆர் கோட்டுக்குள் என்ன இருக்கிறது?

1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் செய்த திருத்தத்தின்படி, அட்டவணை எச்2-இல் உள்ள 300 மருந்து பிராண்டுகள் 2023 ஆகஸ்ட் 1 முதல் பார்கோடோ கியூஆர் கோடோ தாங்க வேண்டும். மருந்தின் பெயர், தயாரிப்பாளர் பெயர், முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு, காலாவதித் தேதிகள், உரிம எண் ஆகியவை அதன் வழியே தெரிய வேண்டும். அதாவது, பெட்டியில் எழுதப்பட்டிருப்பதும் கோட்டுக்குள் இருப்பதும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஒன்றை மாற்றினால் மற்றது அதை மறுக்கும்.

கோட்டுக்குள் எழுதும் முறைகள் பல. வெறும் இணைய முகவரியாக இருக்கலாம். நம் எடுத்துக்காட்டுப் பெட்டியில், பார்கோடுகளுக்கு உலகளவில் தரநிலை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் முறைப்படி எண்தொடராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படித்துப் பார்த்தால் இப்படி வரும். `<GS>` என்று காட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பிரிப்புக்குறி:

```
01089012345678901727033110PCT2418B<GS>217K0O15
```

`01`-க்குப் பின் வருவது 14 இலக்கப் பொருள் எண். பார்கோட்டிலுள்ள அதே எண்ணின் முன்னால் ஒரு 0. `17`-க்குப் பின் 270331, அதாவது 2027 மார்ச் 31. `10`-க்குப் பின் பேட்ச் எண். `21`-க்குப் பின் அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே உரிய சீரியல் நம்பர்: 7K0O15. அதில் சுழியும் ஓவும் அடுத்தடுத்து இருப்பதைக் கவனியுங்கள்.

"படத்திலுள்ள கோடு மங்கலாக இருக்கிறது, நானே புதிதாக உருவாக்கி ஒட்டிவிடுகிறேன்" என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் இங்கேதான் பெரிய சேதம் நடக்கிறது. பொருள் எண்ணும் தேதியும் நிலையான நீளம் கொண்டவை. எங்கே முடிகின்றன என்று ஸ்கேனருக்குத் தெரியும். பேட்ச் எண்ணுக்கு அப்படி நிலையான நீளம் இல்லை, 20 எழுத்துவரை போகலாம். அது முடிந்தது என்று சொல்வது அந்த பிரிப்புக்குறி மட்டுமே. இணையத்தில் கிடைக்கும் சாதாரணக் கோடு உருவாக்கியில் கண்ணுக்குத் தெரிந்த எழுத்துகளை மட்டும் தட்டினால் பிரிப்புக்குறி போய்விடும். அப்போது ஸ்கேனர் பேட்ச் எண்ணை PCT2418B217K0O15 என்று படிக்கும். மொத்தம் 16 எழுத்து, வரம்புக்குள்தான் இருக்கிறது, அதனால் பிழைச் செய்தியும் வராது. இருக்கிற பேட்ச் இல்லாமல்போய், இல்லாத பேட்ச் ஒன்று பிறந்துவிடும்.

இன்னொரு விதமும் உண்டு. பெட்டியில் மனிதர் படிப்பதற்காக (01), (17), (10) என்று அடைப்புக்குறியோடு அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து அடைப்புக்குறிகளையும் சேர்த்து உருவாக்கிவிடுவார்கள். அந்த அடைப்புக்குறிகள் கோட்டுக்குள் கிடையாது. தொடக்கத்தில் இது ஜிஎஸ்1 தரவு என்று அறிவிக்கும் ஒரு குறியும் உண்டு. சாதாரண உருவாக்கி அதையும் வைக்காது.

"உள்ளே இருப்பதையும் தமிழாக்கினால் என்ன" என்ற கேள்வியும் வரும். பொருள் எண்ணும் பேட்ச் எண்ணும் தரவுத்தளத்தைத் திறக்கும் சாவிகள், மொழி அவற்றுக்குச் சம்பந்தமில்லை. உள்ளே இணைய முகவரி இருந்து அந்தப் பக்கம் ஆங்கிலத்தில் இருந்தால், கோட்டை மாற்றாமல் அதன் அருகே "இப்பக்கம் ஆங்கிலத்தில் உள்ளது" என்று எழுதலாம். தமிழ்ப் பக்கத்துக்கு வேறு கோடு வேண்டும் என்றால் அது தயாரிப்பாளர் முடிவுசெய்து, தயாரிப்பாளர் தர வேண்டிய கோப்பு.

வேலி போடும் அளவு

கோட்டைத் தொடாமல் இருந்தால் மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள வெற்றிடமும் கோட்டின் ஒரு பகுதி. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஸ்கேனர் அந்த வெள்ளை ஓரத்தை வைத்துத்தான் அறிகிறது. தமிழ் வாசகம் ஆங்கிலத்தைவிட அகலமாக வருவதால், இந்த ஓரத்துக்குள் எழுத்து நுழைவது அடிக்கடி நடக்கிறது. கீழ் வரியிலுள்ள "கி", "வீ" போன்றவற்றின் மேல்விலங்கும், மேல் வரியிலுள்ள "கு", "மூ" போன்றவற்றின் கீழ்ச்சுழியும் வரியைத் தாண்டி நீள்வது இன்னொரு காரணம்.

அளவு எடுப்பது எளிது. கியூஆர் கோட்டின் மூன்று மூலைகளில் பெரிய சதுரக் கண்கள் இருக்கும். அந்தக் கண்ணின் அகலம் எப்போதும் 7 கட்டம். அதைப் பிக்சலில் அளந்து 7-ஆல் வகுத்தால் ஒரு கட்டத்தின் அளவு கிடைக்கும். நம் படத்தில் கண் 70 பிக்சல், ஆகவே ஒரு கட்டம் 10 பிக்சல். கோடு 29 கட்டம் அகலம், அதாவது 290 பிக்சல். நான்கு புறமும் 4 கட்டம் வெற்றிடம் வேண்டும், அதாவது 40 பிக்சல். கோடும் வெற்றிடமும் சேர்ந்த, உள்ளே எதுவும் நுழையக்கூடாத இந்தச் சதுரத்தைத்தான் வேலி என்கிறோம். நம் படத்தில் அது 370-க்கு 370 பிக்சல்.

பார்கோட்டில் ஆக மெல்லிய கோட்டின் அகலமே ஒரு கட்டம். கோடுகள் இருக்கும் பகுதி மட்டும் 95 கட்டம். இடப்புறம் 11 கட்டமும் வலப்புறம் 7 கட்டமும் வெற்றிடம் வேண்டும். நம் படத்தில் கட்டம் 4 பிக்சல் என்றால் கோடுகள் 380, இடது ஓரம் 44, வலது ஓரம் 28, மொத்தம் 452 பிக்சல். இடப்பக்கம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு: 13 இலக்கங்களில் முதலாவது, நம் எண்ணில் 8, கோடுகளுக்கு வெளியே இடப்பக்கம் தனியாக நிற்கும். அதற்கென்று தனிக் கோடுகள் கிடையாது. அடுத்த ஆறு இலக்கங்களை வரையும் விதத்திலேயே அது ஒளிந்திருக்கிறது. தனியாக நிற்கிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள்.

வலப்பக்கத்தில் சில பெட்டிகளில் `>` என்ற சிறு குறி இருக்கும். அம்புக்குறி என்று நினைத்து அழிப்பவர்களும் உண்டு, அழுக்கு என்று நினைத்துத் துடைப்பவர்களும் உண்டு. அந்த இடம்வரை வெற்றாக இருக்க வேண்டும் என்று அச்சுக்காரருக்குச் சொல்லும் எல்லைக்குறி அது. உங்களுக்கும் அது வேலியின் எல்லையைக் காட்டிவிடுகிறது.

படத்தில் வேலை செய்யும் முறை

கிம்ப் மென்பொருளை வைத்துச் சொல்கிறோம். மற்றவற்றிலும் இதே வழிதான்.

மூலப் படம் ஜேபெக் கோப்பாக இருந்தால் முதலில் அதை பிஎன்ஜி ஆக்கிச் சேமியுங்கள். ஜேபெக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் படத்தை 8-க்கு 8 பிக்சல் துண்டுகளாக நறுக்கி நுணுக்கங்களைக் குறைக்கிறது. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில்தான் அந்தச் சிதைவு அதிகம். படத்தைச் சாய்வு நீக்கவோ, வெளிச்சம் கூட்டவோ, கூர்மையாக்கவோ வேண்டாம்.

பிறகு `Layer > Duplicate Layer` கொடுத்து மூலத்தின் நகல் ஒன்றை எடுத்து அடுக்குகளில் ஆக மேலே வையுங்கள். கணக்கிட்ட வேலிச் சதுரங்களையும் பேட்ச் மதிப்புகள் இருக்கும் பட்டையையும் செவ்வகத் தேர்வுக் கருவியால் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது செவ்வகத்திலிருந்து ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் முந்தையது போகாது. `Layer > Mask > Add Layer Mask` சென்று `Selection` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது மேலடுக்கில் தெரிவது அந்தச் செவ்வகங்கள் மட்டும். அந்த அடுக்கின் பூட்டுகளை எல்லாம் போட்டுவிடுங்கள்.

இனி கீழடுக்கில் தாராளமாக வேலை செய்யலாம். அழிக்கும்போதோ பின்னணியை நிரப்பும்போதோ கை தவறி கோட்டின்மேல் போனாலும் மேலே இருக்கும் மூலம் அதை மூடிவிடும். இந்த முறையில் இன்னொரு பயன்: தமிழ் எழுத்துகளை மேலடுக்குக்குக் கீழேயே வைத்தால், வேலிக்குள் நுழையும் எழுத்து பாதியில் வெட்டுப்பட்டுத் தெரியும். "வைக்கவும்" என்பதன் கடைசி "ம்" பாதியாகத் தெரிந்தால், வாசகத்தை இரண்டு வரியாக மடக்க வேண்டும் என்று உடனே புரியும். பார்த்துப் பார்த்து அளக்க வேண்டியதில்லை.

ஸ்கேன் ஆகிறது என்பது மட்டும் போதாது

முடித்தவுடன் கைப்பேசியை நீட்டி ஸ்கேன் செய்து, "வேலை செய்கிறது" என்று அனுப்பிவிடுவது வழக்கம். கியூஆர் கோட்டில் அந்தச் சோதனை ஏமாற்றும். அதன் பிழைதிருத்தம் நான்கு நிலைகளில் வரும். ஏறத்தாழ 7, 15, 25, 30 சதவீதச் சேதம்வரை தாங்கும். நீங்கள் ஒரு மூலையைக் கெடுத்திருந்தாலும் கைப்பேசி படித்துவிடும். ஆனால் அந்தத் தாங்கும் சக்தி அச்சில் மை பரவுவதற்கும், தாள் கசங்குவதற்கும், மேலே ஒளி பட்டு மினுங்குவதற்கும் வைக்கப்பட்டது. அதை நீங்களே செலவழித்துவிட்டால், கையேடு அச்சான பிறகு கோடு படிக்காமல் போகும்.

அதனால் இரண்டு சோதனை தேவை. முதலாவது, மூலத்திலும் முடித்த படத்திலும் வேலிச் சதுரத்தை வெட்டி எடுத்துப் பிக்சல் பிக்சலாக ஒப்பிடுவது. இமேஜ்மேஜிக் கருவியில் இப்படி (1180, 640 என்பவை வேலியின் இடது மேல் மூலை இருக்கும் இடம்):

```
magick mulam.png -crop 370x370+1180+640 +repage a.png
magick tamil.png -crop 370x370+1180+640 +repage b.png
magick compare -metric AE a.png b.png null:
```

விடை 0 என்று வர வேண்டும். வேறு எந்த எண் வந்தாலும் அத்தனை பிக்சல் மாறியிருக்கிறது என்று பொருள். பார்கோட்டுக்கும் பேட்ச் பட்டைக்கும் இதையே தனித்தனியே செய்யுங்கள்.

இரண்டாவது, உள்ளடக்கத்தைப் படித்து ஒப்பிடுவது:

```
zbarimg -q mulam.png > a.txt
zbarimg -q tamil.png > b.txt
diff a.txt b.txt
```

`diff` எதுவும் சொல்லாமல் இருந்தால் இரண்டும் ஒன்று. ஆனால் `a.txt` காலியாக இல்லை என்று ஒருமுறை திறந்து பாருங்கள். இரண்டு படத்திலும் எதுவுமே படிக்க முடியாவிட்டாலும் `diff` அமைதியாகத்தான் இருக்கும். மருந்துப் பெட்டிகளில் மூலைக் கண்கள் இல்லாமல், இரண்டு பக்கம் கெட்டியான கறுப்பு விளிம்பு கொண்ட சிறிய சதுரக் கோடும் வரும். அது டேட்டா மேட்ரிக்ஸ். அதை `zbarimg` படிக்காது, `dmtxread` வேண்டும்.

மூலத்திலேயே கோடு படிக்கவில்லை என்றால் அதை நீங்கள் சரிசெய்ய வேண்டாம். கொடுத்தவரிடம் சொல்லி வேறு படம் கேளுங்கள்.

படத்தைச் சிறிதாக்கும்போது

இவ்வளவு கவனமாகச் செய்த வேலை கடைசி நிமிடத்தில் கெடுவது இங்கேதான். 3000 பிக்சல் படத்தை 800 பிக்சலாகக் குறைத்தால், 10 பிக்சலாக இருந்த கியூஆர் கட்டம் 2.67 ஆகிவிடும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் நிறம் புகும். சில கைப்பேசிகள் படிக்கும், சில படிக்காது. பார்கோட்டின் 4 பிக்சல் கட்டம் 1.07 ஆகும். மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், படிக்க வாய்ப்பில்லை. கட்டத்துக்கு 4 பிக்சலுக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதற்குமேல் சிறிதாக்கியே ஆக வேண்டும் என்றால், முழுப் பெட்டிக்கு ஒரு சிறிய படமும், கோடுகள் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டிய பெரிய படமும் எனப் பிரித்துக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள்.

மறைக்க வேண்டியிருந்தால்

சீரியல் நம்பர் ஒருவர் வாங்கிய ஒரே ஒரு பெட்டியைக் குறிக்கிறது. அது வெளியே தெரிய வேண்டாம் என்று படம் கொடுத்தவர் கேட்கலாம். மறைப்பது சரி, மாற்றுவது தவறு. வேறு ஏதாவது எண்ணைப் போட்டால் அது இன்னொரு பெட்டியின் உண்மையான எண்ணாக இருக்கக்கூடும். மறைப்பதும் அரைகுறையாக இருக்கக்கூடாது. கியூஆர் கோட்டின் நடுவில் ஒரு பட்டை போட்டாலோ லேசாக மங்கலாக்கினாலோ, பிழைதிருத்தத்தின் உதவியால் அதைப் படித்துவிட முடியும். முழுக் கோட்டையும் ஒரே நிறச் சதுரத்தால் மூடுங்கள்; பக்கத்தில் எழுத்தாக இருக்கும் எண்ணையும் மூடுங்கள். அடுக்குகளை ஒன்றாக்கிய கோப்பை மட்டும் அனுப்புங்கள், இல்லையென்றால் மேலிருக்கும் சதுரத்தை நகர்த்தினால் எண் தெரிந்துவிடும்.

படத்தை ஒப்படைக்கும்போது அடியில் "விளக்கத்துக்கான தமிழாக்கப் படம், பெட்டியில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும்" என்று ஒரு வரி சேருங்கள். தமிழில் அச்சிட்ட பெட்டியைத் தேடிக் கடைக்குப் போகும் நோயாளி, கையில் கிடைத்த உண்மையான பெட்டியைப் போலி என்று நினைத்துவிடக்கூடாது. கூடவே கோப்போடு ஒரு குறிப்பும் கொடுங்கள்: எந்தெந்தச் செவ்வகங்கள் தொடப்படவில்லை, அவற்றின் இடமும் அளவும் என்ன, ஒப்பீட்டில் வந்த விடை என்ன, கோட்டைப் படித்தபோது கிடைத்த உள்ளடக்கம் என்ன. அடுத்த பேட்ச் பெட்டிக்கு இதே படத்தைப் புதுப்பிக்க வருபவர் எங்கே கை வைக்கக்கூடாது என்று தேட வேண்டியிருக்காது.